அக்கா மகள் காதுகுத்துக்கு துபாயிலிருந்து லீவ் கேட்பது எப்படி: தாய்மாமன்களுக்கான முழுமையான வழிகாட்டி

துபாயில் கட்டிடப் பராமரிப்பு வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என்னிடம் வரும் லீவ் கடிதங்களில் நம்மூர்ப் பையன்களுடையதைப் படித்தாலே தெரிந்துவிடும். உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டருக்கு எழுதிய அதே அமைப்பு. தாழ்மையான வேண்டுகோளில் தொடங்கி, குடும்ப நிலைமையைச் சொல்லி, கடைசி வரியில்தான் தேதி வரும். சில கடிதங்களில் திரும்பி வரும் தேதியே இருக்காது. தமிழ் தெரிந்த எனக்குக் காரணம் புரிந்துவிடுகிறது. பிலிப்பைன்ஸ்காரரோ எகிப்துக்காரரோ சூப்பர்வைசராக இருந்தால், "சகோதரி மகள் விழாவுக்கு 3 வாரம் எதற்கு?" என்ற கேள்விதான் அவருக்கு முதலில் எழும். அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. தாய்மாமன் என்றால் யார் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அதனால் தாய்மாமன் ஒருவரின் கோரிக்கையையே எடுத்துக்கொள்வோம். துபாயில் ஏசி டெக்னீஷியன், சொந்த ஊர் மதுரைப் பக்கம், சூப்பர்வைசர் பிலிப்பைன்ஸ்காரர், வார விடுமுறை ஞாயிறு. அக்கா மகளுக்கு ஆவணியில் காதுகுத்து, செப்டம்பர் 6 ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம்.

தேதி குறிப்பதற்கு முன்பே ஊருக்குப் பேசுங்கள்

பெரும்பாலான சிக்கல் ஊரில்தான் தொடங்குகிறது. ஜோசியரிடம் நாள் குறித்து, கோயிலில் பணம் கட்டி, பத்திரிகையும் அடித்த பிறகு வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்புகிறார்கள். அந்த நாள் கம்பெனிக்கு ஒத்துவராவிட்டால் நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்.

ஜோசியரைப் பார்க்கப் போகுமுன் அக்காவிடம் பேசுங்கள். "ஆகஸ்ட் முழுக்க எனக்குக் கஷ்டம். ஆவணி பாதிக்கு மேலே நாள் கிடைக்குமா பாருக்கா, 2 தேதி வாங்கி வை" என்று சொன்னால் போதும். முகூர்த்தம் குறித்த பிறகு நகர்த்துவதுதான் பாவமாக நினைக்கப்படும். குறிப்பதற்கு முன் 2 நாள் கேட்டு வாங்குவதில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

ஆகஸ்ட் ஏன் கஷ்டம் என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள். ஏசி வேலையில் ஜூலையும் ஆகஸ்டும்தான் புகார்கள் குவியும் காலம். அதோடு, ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அமீரகச் சட்டம். மொட்டை மாடியில் இருக்கும் யூனிட்டை அந்த நேரத்தில் தொட முடியாது. வேலை அதிகம், வேலை பார்க்கும் நேரம் குறைவு. அந்த மாதங்களில் ஓர் ஆள் குறைந்தால் சூப்பர்வைசர் எப்படித் தவிப்பார் என்று தெரிந்துகொண்டு எழுதுகிற கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

உங்களுக்கு என்ன பாக்கி இருக்கிறது?

எழுதுமுன் எச்.ஆர். பிரிவில் லீவ் இருப்பைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் லீவ். 6 மாதம் முடித்து ஓராண்டு ஆகாதவருக்கு மாதத்துக்கு 2 நாள். இந்த 30 நாள் காலண்டர் நாள். இடையில் வரும் வார விடுமுறையும் அரசு விடுமுறையும் பொதுவாக இதிலேயே சேர்ந்துவிடும். ஒப்பந்தத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இருந்தால் அதுதான் செல்லும்.

இங்கே பலர் தப்பாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. 30 நாள் உங்கள் உரிமைதான். ஆனால் எந்த 30 நாள் என்பது உங்கள் முடிவில் மட்டும் இல்லை. வேலையின் தேவையைப் பார்த்துத் தேதியை அமைக்கும் அதிகாரத்தைச் சட்டம் கம்பெனிக்குத் தந்திருக்கிறது. ஆகவே "லீவ் என் உரிமை" என்று கடிதத்தில் எழுதுவது பயன் தராது. அந்தத் தேதியில் உங்களை அனுப்பிவைப்பது அவர்களுக்குச் சாத்தியம்தான் என்று காட்டுவதுதான் கடிதத்தின் வேலை.

அப்புறம் பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் விசா இரண்டிலும் காலாவதித் தேதியைப் பாருங்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போது விசா முடிவதாக இருந்தால், புதுப்பித்த பிறகுதான் கிளம்ப வேண்டும். கோரிக்கை வைக்கும்போதே இதையும் எச்.ஆருக்குச் சொல்லிவிடுங்கள். கிளம்பும் வாரத்தில் கண்டுபிடித்தால் விழா போய்விடும்.

நாட்களை விழாவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நம் தாய்மாமனுக்கு விழா செப்டம்பர் 6. அதற்கு முன் சீர் வாங்க வேண்டும்: குழந்தைக்குத் தோடு, பட்டுப் பாவாடை, அக்காவுக்கும் மாமாவுக்கும் துணி, தட்டு வரிசை. தோட்டை இங்கேயே வாங்கிவிட்டாலும் மற்றதற்கு ஊரில் 4, 5 நாள் வேண்டும். விழாவுக்குப் பிறகு 2 வாரம் வீட்டோடு இருக்க ஆசை. அப்படியானால் ஆகஸ்ட் 31 திங்கள் முதல் செப்டம்பர் 20 ஞாயிறு வரை, 21 நாள். ஆகஸ்ட் 30 ஞாயிறு வார விடுமுறை. பயணத்தை அன்றைக்கு வைத்துக்கொண்டால் லீவில் ஒரு நாளும் குறையாது.

இதோடு இன்னொரு கணக்கையும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மிகக் குறைவாக எத்தனை நாள் கிடைத்தால் மடியில் குழந்தையை உட்கார வைத்துவிட்டுத் திரும்பலாம்? செப்டம்பர் 3 வியாழன் முதல் 9 புதன் வரை, 7 நாள். இதைக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. எழுதினால் மேலே இருப்பவர் அந்த 7 நாளில்தான் கையெழுத்துப் போடுவார். 21 முடியாது என்று பதில் வந்த பிறகு பேசுவதற்கு அது கையில் இருக்கட்டும்.

முதலில் வாய்ப்பேச்சு, பிறகு எழுத்து

எடுத்த எடுப்பில் மெயில் அனுப்பினால், தன்னைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டதாகச் சூப்பர்வைசருக்குத் தோன்றும். விழாவுக்கு இரண்டரை, மூன்று மாதம் இருக்கும்போது, அதாவது ஜூனில், நேரில் பேசுங்கள். காலையில் புகார்ப் பட்டியல் பிரித்துக்கொடுக்கும் நேரத்தில் வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து அவர் ரிப்போர்ட் எழுதி முடித்த பிறகு பேசலாம்.

பேச்சில் தாய்மாமனைப் புரியவைக்க வேண்டும். இதற்கு அவருடைய ஊர் வழக்கத்திலிருந்தே தொடங்குவது நல்லது. பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு ஞானஸ்நானத்தில் 'நினோங்' என்ற ஞானத்தந்தை முக்கியமானவர். "எங்கள் காதுகுத்தில் அந்த இடம் குழந்தையின் அம்மாவுடைய சகோதரனுக்கு" என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார். வடஇந்தியராக இருந்தால், கல்யாணத்தில் தாய்மாமன் கொண்டுவரும் 'பாத்' சீரைச் சொன்னால் போதும். மலையாளிக்கு 'அம்மாவன்' என்ற ஒரு சொல்லே போதும்.

இந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"சார், செப்டம்பர் 6-ம் தேதி என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். ஆகஸ்ட் 31-லிருந்து 21 நாள் லீவ் கேட்கலாம் என்று இருக்கிறேன். மெயில் போடுமுன் உங்களிடம் சொல்ல நினைத்தேன்."

"ஆகஸ்ட் கடைசியா? அப்போது இன்னும் புகார் குறைந்திருக்காதே. உன் 2 பில்டிங்கை யார் பார்ப்பது?"

அவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார் என்றால், உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. உங்கள் கடிதம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். அந்த இடத்திலேயே பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். "ஏற்பாடு செய்துவிட்டு எழுதுகிறேன் சார்" என்று வந்து, உடன் வேலை பார்ப்பவரிடம் பேசுங்கள். சும்மா "பார்த்துக்கோடா" என்று விடாமல், அவர் லீவ் போகும்போது நீங்கள் அவர் கட்டிடத்தைப் பார்ப்பதாக ஒப்புக்கொள்ளுங்கள். அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் கடிதத்துக்கே முதுகெலும்பு.

கடிதம்

ஒன்றை நினைவில் வையுங்கள். லீவைத் தருவது பெரும்பாலும் உங்கள் சூப்பர்வைசர் இல்லை. அவர் அதை மேனேஜருக்குத் தள்ளிவிடுவார், அவர் எச்.ஆருக்கு. உங்கள் முகம் தெரியாத ஒருவர் செல்போனில் அரை நிமிடம் படித்து முடிவெடுப்பார். ஆகவே சூப்பர்வைசர் ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் அப்படியே மேலே அனுப்பும்படி கடிதம் இருக்க வேண்டும்.

முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். பிறகு அதே வரிசையில், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்று சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள்.

> பொருள்: ஆனுவல் லீவ் கோரிக்கை, ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 20 வரை (21 நாள்)
>
> சார்,
>
> ஆகஸ்ட் 31 திங்கள் முதல் செப்டம்பர் 20 ஞாயிறு வரை 21 நாள் ஆனுவல் லீவ் கேட்டு எழுதுகிறேன். செப்டம்பர் 21 திங்கள் காலை ஷிஃப்டுக்கு வந்துவிடுவேன்.
>
> என் அக்கா மகளின் காதணி விழா செப்டம்பர் 6 ஞாயிறன்று எங்கள் ஊர்க் கோயிலில் நடக்கிறது. எங்கள் வழக்கத்தில் குழந்தையைத் தாயின் சகோதரன் மடியில் உட்கார வைத்துத்தான் இந்தச் சடங்கைச் செய்வார்கள். அக்காவுக்கு நான் ஒரே தம்பி.
>
> நான் பார்க்கும் 2 கட்டிடங்களின் ஆகஸ்ட் மாதப் பராமரிப்பை 27-ம் தேதிக்குள் முடித்துவிடுவேன். நான் இல்லாத நாட்களில் அந்தப் புகார்களைக் கவனிக்க என்னுடன் வேலை பார்க்கும் டெக்னீஷியன் சம்மதித்திருக்கிறார். அக்டோபரில் அவர் லீவில் போகும்போது அவருடைய கட்டிடத்தை நான் பார்த்துக்கொள்வேன். சாவிகளையும் முடியாத வேலைகளின் பட்டியலையும் ஆகஸ்ட் 29 அன்று ஒப்படைப்பேன்.
>
> என் லீவ் இருப்பு 30 நாள் என்று எச்.ஆர். உறுதிசெய்திருக்கிறார்கள். அந்த மெயிலை இணைத்திருக்கிறேன். டிக்கெட் எடுக்க வேண்டியிருப்பதால் ஜூலை 10-ம் தேதிக்குள் தங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். ஊரில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் என்னைத் தொடர்புகொள்ளலாம்.
>
> நன்றி.

இதில் சிலவற்றைக் கவனியுங்கள். வேலைக்குத் திரும்பும் நாள் இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிட்டது. லீவ் முடியும் நாளை மட்டும் எழுதினால், அன்றைக்கு வேலைக்கு வருவாரா, அன்று வரை லீவா என்ற குழப்பம் வரும். மாதத்தை எண்ணில் எழுதாமல் பெயரில் எழுதுங்கள். 6/9 என்றால் ஒருவர் செப்டம்பர் 6 என்று படிப்பார், இன்னொருவர் ஜூன் 9 என்று படிப்பார்.

'ஃபேமிலி ஃபங்ஷன்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். அதைப் படிப்பவருக்கு ஏதோ விருந்து என்றுதான் தோன்றும், போகாவிட்டால் என்ன என்று நினைப்பார். என்ன சடங்கு, அதில் உங்கள் வேலை என்ன, உங்கள் இடத்தில் வேறு ஆள் இருக்க முடியுமா என்ற மூன்றையும் 3 வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மொட்டை, சீர், மொய், பந்தி என்று விவரித்துக்கொண்டே போனால் முக்கியமான வரி அதில் மறைந்துவிடும். உங்களுக்கு அண்ணன் தம்பி இருந்தால் 'ஒரே தம்பி' என்று எழுதக் கூடாது. "நான் மூத்த தாய்மாமன், சீர் வைக்கும் பொறுப்பு என்னுடையது" என்று உள்ளதை எழுதுங்கள். அதுவும் போதுமான காரணம்தான்.

பத்திரிகை அடித்திருந்தால் இணைக்கலாம். அது தமிழில் இருக்கும் என்பதால், தேதி இருக்கும் வரியைப் படத்தில் வட்டமிட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் தேதியையும் கோயில் பெயரையும் எழுதிவிடுங்கள்.

சிலர் காதுகுத்து என்றால் விட மாட்டார்கள் என்று பயந்து, பாட்டி இறந்துவிட்டார், அம்மா ஐசியூவில் இருக்கிறார் என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இறப்பென்றால் சான்றிதழ் கேட்பார்கள். விழாப் படங்கள் அன்று மாலையே எல்லோருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வந்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, அம்மாவுக்கு நிஜமாகவே முடியாமல் போகும் அன்று அந்த வார்த்தையை யாரும் நம்பாமல் போவது.

பதில் வரும் வரை

வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசர் போடும் கட்டைவிரலை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அவர் படித்துவிட்டார் என்பதற்கு மட்டுமே அடையாளம். தேதிகளுடன் மெயில் வர வேண்டும், அல்லது கம்பெனியின் லீவ் ஆப்பிலோ படிவத்திலோ மேனேஜரின் ஒப்புதல் ஏறியிருக்க வேண்டும். அதற்கு முன் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள். "டிக்கெட் எடுத்துவிட்டேன் சார்" என்று சொன்னால் இளகிவிடுவார்கள் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நடப்பது பெரும்பாலும் தலைகீழ், மேனேஜர் அதை மிரட்டலாகவே எடுத்துக்கொள்வார். அந்தப் பருவத்தில் டிக்கெட் விலை ஏறும் என்பதும் உண்மைதான், அதனால்தான் ஜூனிலேயே எழுதச் சொல்கிறேன். இங்குள்ள பள்ளி விடுமுறை முடியும் ஆகஸ்ட் கடைசியில், ஊரிலிருந்து இங்கே வரும் டிக்கெட்டுக்குத்தான் கிராக்கி. நம் தாய்மாமன் அந்த நேரத்தில் ஊருக்குப் போகிறவர் என்பதால் அவருக்கு அது ஒரு வகையில் வசதி.

நீங்கள் கேட்ட நாளுக்குள் பதில் வராவிட்டால், அதே மெயிலுக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்: "இந்தக் கோரிக்கை இப்போது யாரிடம் இருக்கிறது என்று சொல்ல முடியுமா சார்?" அனுமதி உண்டா இல்லையா என்று கேட்டு நெருக்குவதைவிட இந்தக் கேள்விக்குச் சீக்கிரம் பதில் வரும். சூப்பர்வைசரைத் தாண்டி மேனேஜருக்கு நேரே எழுதுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதினாலும் சூப்பர்வைசரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடியாது என்று வந்தால்

முதலில் எது முடியாது என்று கேளுங்கள். தேதியா, நாட்களின் எண்ணிக்கையா? இரண்டுக்கும் வழி வேறு. 21 நாள் முடியாது என்றால், மனதில் வைத்திருந்த 7 நாளை இப்போது சொல்லலாம். "செப்டம்பர் 3 முதல் 9 வரை போய்வருகிறேன், மீதியைத் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ எடுத்துக்கொள்கிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். தேதியே சிக்கல் என்றால், அதே வாரத்தில் லீவ் வாங்கியிருக்கும் வேறு யாராவது மாற்றிக்கொள்வாரா என்று பாருங்கள். அவர் சம்மதித்தால் இருவரும் சேர்ந்தே சூப்பர்வைசரிடம் போங்கள். லீவ் இருப்பு இல்லை என்பது மட்டுமே காரணம் என்றால் சம்பளமில்லாத லீவ் கேட்கலாம். தருவது கம்பெனியின் விருப்பம்.

எதற்கும் மசியவில்லை என்றாலும் சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். சரியான காரணமின்றித் தொடர்ந்து 7 நாளுக்கு மேல் வராதவரை நோட்டீஸ் கொடுக்காமலே வேலையை விட்டு நீக்க அமீரகச் சட்டம் இடம் தருகிறது. வேலையை விட்டு ஓடிவிட்டதாகக் கம்பெனி புகார் செய்யவும் வழி உண்டு. அது பதிவாகிவிட்டால் அடுத்த வேலைக்கும் தடையாக நிற்கும். அக்காவுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். பங்காளி முறையில் ஒரு தம்பியை உட்கார வைத்து, வீடியோ காலில் நீங்கள் இருந்து, சீரை முன்கூட்டியே அனுப்பி நடத்திய வீடுகளும் இருக்கின்றன.

வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு

கடிதத்தின் அமைப்பு எங்கும் இதேதான், கணக்கு மட்டும் மாறும். சிங்கப்பூரில் சட்டப்படி முதல் ஆண்டுக்கு 7 நாள்தான் ஆனுவல் லீவ். பிறகு ஆண்டுக்கு ஒரு நாள் கூடி 14 நாளில் நின்றுவிடும். அங்கே புதிதாகச் சேர்ந்தவர் 3 வாரம் கேட்டால், மீதி நாட்களைச் சம்பளமில்லாத லீவாகக் கேட்பதாகக் கடிதத்திலேயே பிரித்து எழுத வேண்டும். சவுதியில் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா கைக்கு வராமல் விமானம் ஏற முடியாது. ஆகவே லீவ் அனுமதியோடு அதையும் தேதி குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ஊரில் இருக்கும்போது நாள் கூடினால்

கடைசியாக, நீட்டிப்பு. விமானம் ரத்தானாலோ, விழா முடிந்த கையோடு காய்ச்சலில் விழுந்தாலோ, வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முன்பே எழுதுங்கள். "செப்டம்பர் 21-க்குப் பதில் 23 புதன் காலை ஷிஃப்டுக்கு வருவேன்" என்று புதுத் தேதியை முதல் வரியில் வைத்து, விமான நிறுவனத்தின் செய்தியையோ டாக்டர் சீட்டையோ இணைத்து, உங்கள் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அந்த 2 நாளும் உங்கள் புகார்களுக்கு ஓடப்போவது அவர்தான்.